சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தை இறக்குவது எப்படி? ரெசர்பினும் காலியாகும் நரம்பு முனைகளும்

ஈரோடு, கோபி, காங்கேயம் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் சர்ப்பகந்தா வேர்ப்பொடியைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. 'பிரஷருக்கு நல்லது' என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கியவர்களிடம் இரண்டு விதமான குறைகள் எழுகின்றன. "நாலு நாளா பொடி திங்கறனுங்க, பிரஷரு அப்படியேதான் நிக்குதுங்க" என்பது ஒன்று. "உட்டுப்போட்டு ஒரு வாரம் ஆச்சுங்க, இன்னும் எந்திரிச்சா கிறுகிறுன்னு வருதுங்க" என்பது இன்னொன்று. முதலாமவர் மருந்து பிடிக்கவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுகிறார். இரண்டாமவர் தலைசுற்றலுக்கு வேறு காரணம் தேடி அலைகிறார்.

இருவருக்கும் விடை ஒன்றே. இந்த வேரில் உள்ள ரெசர்பின் என்ற பொருள், இன்று வழக்கத்திலுள்ள பெரும்பாலான பிரஷர் மாத்திரைகளைப் போல வேலை செய்வதில்லை. நரம்பு முனைகளில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் வேதிப்பொருளை அது தீர்த்துவிடுகிறது. இருப்பு தீரவும் நாளாகும், மறுபடி சேரவும் நாளாகும். சர்ப்பகந்தாவின் பயன், பக்கவிளைவு, ஆபத்து எல்லாமே இந்த ஒரு செயலிலிருந்து பிறப்பவை என்பதால் அதை அடியிலிருந்து பார்ப்போம்.

ரத்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் நரம்புகள்

ரத்த அழுத்தம் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, அந்த ரத்தம் ஓடும் சிறு தமனிகள் எவ்வளவு இறுகியிருக்கின்றன. இரண்டையும் நொடிக்கு நொடி சரிசெய்துகொண்டிருப்பது பரிவு நரம்பு மண்டலம். பயத்தில் நெஞ்சு படபடப்பதும் இந்த நரம்புகளால்தான். படுக்கையிலிருந்து எழும்போது ரத்தம் காலில் தேங்கிவிடாமல் தலைக்கு ஏறுவதும் இவற்றால்தான்.

இந்த நரம்புகளின் இழைகள் இதயத்திலும் ரத்தக் குழாய்களின் சுவரிலும் பரவியிருக்கின்றன. இழை நெடுக இடைவெளி விட்டுச் சிறு புடைப்புகள் இருக்கும். ஒவ்வொரு புடைப்புக்குள்ளும் நுண்பைகள் ஏராளம். அந்த நுண்பைகளுக்குள் இருப்பது நார்அட்ரினலின். நரம்பில் துடிப்பு வந்ததும் சில நுண்பைகள் புடைப்பின் ஓரத்துக்கு வந்து திறந்து நார்அட்ரினலினை வெளியே கொட்டும். அது குழாய்ச் சுவரின் தசையில் உள்ள ஏற்பிகளில் பட்டதும் தசை சுருங்கும், இதயத்தில் பட்டால் துடிப்பு விரைவுபடும்.

நார்அட்ரினலின், டோபமின், செரோட்டோனின் ஆகிய மூன்றும் மோனோஅமைன்கள் என்ற வகையைச் சேர்ந்தவை. அமினோ அமிலங்களிலிருந்து உடலே இவற்றைத் தயாரிக்கிறது. ரத்தக் குழாய் நரம்புகளில் முக்கியம் நார்அட்ரினலின். மூளையில் மூன்றுமே முக்கியம். மூன்றையும் நுண்பைக்குள் ஏற்றும் வழி ஒன்றேதான். ரெசர்பின் கை வைப்பது அந்த வழியில்.

நுண்பை நிரம்பும் விதம்

1. நுண்பையின் சவ்வில் ஒரு பம்பு இருக்கிறது. அது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் பையின் உட்புறம் அமிலத்தன்மை அடைகிறது. வெளியே பி.எச். 7-ஐ ஒட்டியிருக்கும்போது உள்ளே சுமார் 5.5.

2. அதே சவ்வில் இன்னொரு புரதம் பதிந்திருக்கிறது. பெயர் விமாட்-2. உள்ளே நெருக்கியடித்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளில் இரண்டை வெளியே விட்டு, அந்த விசையைக் கொண்டு ஒரு மோனோஅமைன் மூலக்கூறை உள்ளே இழுப்பது இதன் வேலை. இப்படி இழுத்து இழுத்துத்தான் பைக்குள் இருக்கும் அடர்த்தி வெளியே இருப்பதைப் போலப் பல ஆயிரம் மடங்காகிறது.

3. நார்அட்ரினலின் நேராகத் தயாராகி உள்ளே போவதில்லை. டைரோசின் என்ற அமினோ அமிலம் நரம்பின் உள்நீர்மத்தில் டோபமினாக மாறுகிறது. விமாட்-2 டோபமினை நுண்பைக்குள் இழுக்கிறது. அதை நார்அட்ரினலினாக மாற்றும் நொதி பைக்குள்தான் இருக்கிறது. ஆகவே விமாட்-2 நின்றால் சேமிப்பு மட்டும் நிற்பதில்லை, உற்பத்தியின் கடைசிப் படியும் நின்றுபோகிறது.

4. நுண்பை முழுக்க இறுக்கமான பாத்திரம் அல்ல. நரம்பு சும்மா இருக்கும் நேரத்திலும் உள்ளிருந்து சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். கசிந்ததில் பெரும்பகுதியை விமாட்-2 உடனே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். தப்பியதை, மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி சிதைத்துவிடும்.

நாலாவது படியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கசிவு ஓயாது நடக்கிறது. அது வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம், திரும்ப இழுக்கும் வேலையும் ஓயாது நடப்பதுதான்.

ரெசர்பின் வந்ததும் நடப்பவை

ரெசர்பின் கொழுப்பில் எளிதாகக் கரையும். அதனால் நரம்பு முனைக்குள் நுழைவதற்கோ மூளைக்குள் போவதற்கோ அதற்குத் தடையில்லை. உள்ளே வந்தபின் நடப்பது இது:

1. நுண்பையின் வெளிப்பக்கத்திலிருந்து விமாட்-2 புரதத்தின் வாயில் ரெசர்பின் சென்று பொருந்துகிறது. மோனோஅமைன் உட்காரவேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது. பிடிப்பு மிக இறுக்கமானது. அந்தப் புரதத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ நிரந்தரமானது. 2023 இறுதியில் விமாட்-2-இன் உருவமைப்பு உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியே வெளியானபோது, ரெசர்பின் பிடித்திருந்த புரதம் நரம்பின் உள்நீர்மத்தை நோக்கி வாயைத் திறந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டது தெரிந்தது.

2. புதிய டோபமின் நுண்பைக்குள் ஏறுவதில்லை. அதனால் நார்அட்ரினலின் உற்பத்தியாவதும் இல்லை.

3. கசிவு மட்டும் தொடர்கிறது. கசிந்தது உள்ளே திரும்புவதில்லை.

4. கசிந்த நார்அட்ரினலினை மோனோஅமைன் ஆக்சிடேஸ் அங்கேயே சிதைத்துவிடுகிறது. எனவே அது நரம்புக்கு வெளியே போய் அழுத்தத்தை ஏற்றுவதில்லை. சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

5. நரம்பில் துடிப்பு வழக்கம்போல வருகிறது, நுண்பை வழக்கம்போல ஓரத்துக்கு வந்து திறக்கிறது. ஆனால் கொட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

ஈரோட்டு மஞ்சள் குடோன் ஒன்றில் வரத்து நின்றுபோய், இருக்கிற சரக்கு மட்டும் தினமும் வெளியேறிக்கொண்டிருந்தால் இருப்பு எப்படிக் கரையுமோ அப்படித்தான் இதுவும். குடோன் ஒரே நாளில் காலியாவதில்லை. சாதாரண அளவில் மாத்திரை எடுப்பவருக்கு அழுத்தத்தில் முழு மாற்றம் தெரிய 2 முதல் 3 வாரம் ஆவதன் காரணம் இதுவே. நாலாம் நாளில் பிரஷர் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டுகிறவர், ஏற்கெனவே கரைந்துகொண்டிருக்கும் இருப்பை இன்னும் வேகமாகக் கரைக்கிறார். அதன் பலன் மூன்றாம் வாரத்தில் மொத்தமாக வந்து சேரும்.

திரும்பும் பாதை இதைவிட மெதுவானது. ரெசர்பின் பிடித்த விமாட்-2 புரதங்கள் எளிதில் விடுபடுவதில்லை. அவற்றுக்குப் பதில் புதிய புரதம் தாங்கிய நுண்பைகள் வரவேண்டும். அவை தயாராகும் இடம் நரம்புச் செல்லின் உடல். அது முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் இருக்கிறது. அங்கிருந்து இழை வழியாக நெடுந்தூரம் பயணித்து முனைக்கு வந்து சேரவேண்டும். அதனால் மருந்தை நிறுத்திய பிறகும் விளைவு நாட்கணக்கிலும், சில நேரம் வாரக்கணக்கிலும் நிற்கிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வேருக்கு அழுத்தத்தை இறக்கும் குணம் உண்டென்பது முதலிலேயே தெரியவந்தது. 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் மனநோய்க்கும் உயர் அழுத்தத்துக்கும் இந்த வேர் உதவுவதைப் பற்றி எழுதினார்கள். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 நோயாளிகளிடம் கிடைத்த முடிவுகளைப் பிரிட்டிஷ் இதயவியல் ஏடு ஒன்றில் வெளியிட்டார். மேற்குலகம் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர்கள் வேரிலிருந்து ரெசர்பினைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது.

விடை சோதனை விலங்குகளிடமிருந்து வந்தது. 1955-இல் அமெரிக்காவில் பிளெட்சர், ஷோர், பிராடி மூவரும் ரெசர்பின் கொடுத்த முயல்களின் மூளையில் செரோட்டோனின் அடியோடு குறைந்திருப்பதைக் கண்டார்கள். மருந்து பெரும்பாலும் மறைந்த பிறகும் அந்தக் குறைவு நீடித்தது. அடுத்து சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் குழு, இதயத்திலும் நார்அட்ரினலின் தீர்ந்துபோவதைக் காட்டியது. 1957-இல் கார்ல்சன் செய்த சோதனை மிகவும் புகழ்பெற்றது. ரெசர்பின் கொடுத்த முயல்கள் காது தொங்கி அசைவில்லாமல் கிடந்தன. அவற்றுக்கு டோபமினாக மாறக்கூடிய எல்-டோபாவைச் செலுத்தியதும் சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. செரோட்டோனினாக மாறும் பொருளைக் கொடுத்தபோது அப்படி எழவில்லை. அசைவு நின்றதற்குக் காரணம் டோபமின் இல்லாமைதான் என்பது அதிலிருந்து புரிந்தது. பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் தரப்படும் லெவோடோபா மருந்துக்கு வழி திறந்தது இந்தப் பாதைதான். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரத்த அழுத்தம் பற்றி யோசிப்பவர்களுக்கு 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பர்ன், ராண்ட் இருவரும் செய்த சோதனை இன்னும் முக்கியமானது. டைரமின், எபிட்ரின் போன்ற பொருள்கள் வழக்கமாக அழுத்தத்தை ஏற்றும். ரெசர்பின் பெற்ற விலங்குகளில் டைரமின் அப்படி ஏற்றவில்லை. அதே விலங்குக்கு நார்அட்ரினலினை நேராக ஊசியில் கொடுத்தால் அழுத்தம் ஏறியது, அதுவும் வழக்கத்தைவிடக் கூடுதலாக. நார்அட்ரினலினைச் சிறிது நேரம் ரத்தத்தில் செலுத்திவிட்டு மறுபடி டைரமின் கொடுத்தபோது அதுவும் வேலை செய்தது. இதன் பொருள்: ஏற்பிகளும் தசையும் நன்றாகவே இருக்கின்றன, டைரமின் வேலை செய்யத் தேவையான இருப்புதான் இல்லை. இந்தச் சோதனை ஆய்வகத்தோடு நிற்பதில்லை. அறுவை சிகிச்சை மேசையில் நடப்பதும் இதுவேதான் என்பதைக் கீழே பார்ப்போம்.

அழுத்தம் இறங்கும்போது உடலில் தெரிவது

நார்அட்ரினலின் வற்றியதும் சிறு தமனிகள் தளர்கின்றன, இதயத் துடிப்பு குறைகிறது, சிரைகளில் ரத்தம் சற்றுத் தேங்குகிறது. குழாயை மட்டும் விரிக்கும் மருந்துகளில் அழுத்தம் இறங்கியதும் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். ரெசர்பினில் அந்த ஈடுகட்டும் நரம்பே காலியாக இருப்பதால் துடிப்பு ஏறுவதில்லை. டைஹைட்ராலசின் என்ற குழாய் விரிப்பானோடு ரெசர்பினைச் சேர்த்து வந்த அடெல்ஃபேன் மாத்திரையை நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சேர்க்கைக்கு அடிப்படை இதுதான்.

அழுத்தம் இறங்கியதும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கத் தொடங்குகிறது. சில வாரங்களில் கணுக்காலில் வீக்கம் வரலாம், மருந்தின் பலனும் குறைந்ததுபோலத் தோன்றலாம். நரம்பு முனை மறுபடி நிரம்பிவிட்டது என்று அதற்குப் பொருளல்ல, குழாய்களில் நீர் கூடிவிட்டது என்றுதான் பொருள். அதனால்தான் மருத்துவர்கள் ரெசர்பினைத் தனியாகக் கொடுக்காமல் சிறுநீர் போக்கும் மாத்திரையோடு சேர்த்து, மிகச் சிறிய அளவில் கொடுத்தார்கள். ரெசர்பினை மட்டும் கொடுத்து நடந்த ஆய்வுகளை 2009-இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, மேல் அழுத்தம் சராசரியாகச் சுமார் 8 மி.மீ. குறைந்திருந்தது. நல்ல பலன்தான், ஆனால் அதிசயம் ஒன்றுமில்லை.

பரிவு நரம்பு ஓய்ந்தால் அதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் எதிர்ப்பரிவு நரம்பின் கை ஓங்கும். மூக்கின் உட்சவ்வில் உள்ள ரத்த நாளங்கள் விரிந்து மூக்கடைக்கும். வயிற்றில் அமிலம் கூடும், சிலருக்குப் பேதியாகும். அல்சர் உள்ளவருக்கு இந்த மருந்து ஆகாது என்பது இதனால்தான்.

மூளையில் நடப்பது வேறு கணக்கு. டோபமின் குறைந்தால் அசைவு மந்தமாகும், அளவு கூடினால் பார்க்கின்சன் நோயைப் போன்ற நடுக்கமும் விறைப்பும் வரும். பால்சுரப்பு ஹார்மோனும் கூடும். சோர்வு, கெட்ட கனவு, மனச்சோர்வு ஆகியவையும் பதிவாகியுள்ளன. ரெசர்பின் மனச்சோர்வை உண்டாக்குகிறதா என்பதில் மருத்துவர்களுக்குள் நீண்ட வாதம் நடந்திருக்கிறது. 1950-களில் நாளுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் கொடுத்த காலத்து அனுபவத்தையும், பின்னாளில் 0.1 மி.கி. அளவில் கொடுத்த அனுபவத்தையும் ஒன்றாகக் கலந்து பேசியதுதான் அந்த வாதம் இவ்வளவு நீண்டதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிறிய அளவில் அபாயம் குறைவு. ஆனால் முன்பு மனச்சோர்வு வந்தவருக்கு எந்த அளவிலும் இதைக் கொடுக்கக்கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஒரு கணக்கு: அரை ஸ்பூன் பொடியில் எவ்வளவு?

காங்கேயம் பக்கத்து ஊர் ஒன்றில் 62 வயதுக்காரர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்தம் 160/96. அதுவரை சாப்பிட்டு வந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் அரை ஸ்பூன் சர்ப்பகந்தாப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கத் தொடங்குகிறார். அரை ஸ்பூன் என்பது ஏறத்தாழ 1 கிராம், அதாவது 1000 மி.கி.

அமெரிக்க மருந்துத் தர நூலின்படி மருந்துக்குரிய வேரில் ரெசர்பின் வகைச் சத்து குறைந்தது 0.15 சதவீதம் இருக்கவேண்டும். 1000 மில்லிகிராமில் 0.15 சதவீதம் என்றால் 1.5 மி.கி. மருத்துவர்கள் அழுத்தத்துக்குக் கொடுத்துவந்த ரெசர்பின் அளவோ நாளுக்கு 0.05 முதல் 0.25 மி.கி. வரைதான். அதாவது அவர் தினமும் உயர்ந்தபட்ச அளவைப்போல 6 மடங்கு எடுக்கிறார். வேர்ப்பொடியையே மாத்திரையாக்கி விற்ற காலத்திலும் தொடர்ந்து எடுக்கும் அளவு நாளுக்கு 50 முதல் 300 மி.கி.தான்.

இந்தக் கணக்கும் வேர் தரமானதாக இருந்தால்தான் பொருந்தும். வேரின் சத்தில் பெரும்பகுதி பட்டையில் இருக்கிறது. பட்டை உரிந்த வேரில் குறையும், பட்டை மிகுந்த பொடியில் கூடும். விளைந்த இடம், வயது, பறித்த பருவம் ஆகியவற்றாலும் மாறும். ராவுல்ஃபியா டெட்ராஃபில்லா என்ற உறவுச் செடி தமிழ்நாட்டில் தானாகவே பரவி வளர்கிறது. ஒரு கணுவில் அளவு ஒவ்வாத நான்கு இலைகள் இருப்பது அதன் அடையாளம். அதன் வேரும் சர்ப்பகந்தா என்ற பெயரில் சந்தைக்கு வருவதுண்டு. அதிலும் ரெசர்பின் இருக்கிறது, அளவு வேறு. பொடியாக்கிய பிறகு கண்ணால் பார்த்து எது என்று பிரிக்க முடியாது. போதாதற்கு அஜ்மலின் போன்ற வேறு ஆல்கலாய்டுகளும் வேரில் உண்டு. அவற்றில் சில இதயத் துடிப்பின் ஒழுங்கையே மாற்றக்கூடியவை. அரை ஸ்பூன் என்ற அளவுக்கு நிலையான மருந்தளவு என்ற பொருளே இல்லாமல் போவது இதனால்தான்.

இனி நம் காங்கேயத்துக்காரருக்கு என்ன நடக்கும்?

முதல் சில நாள் அழுத்தத்தில் பெரிய மாற்றம் தெரியாது. பழைய மாத்திரையையும் நிறுத்திவிட்டதால் ஏறக்கூடச் செய்யலாம். இரண்டாம் வாரம் மூக்கு அடைக்கிறது. காய்ச்சலும் கெட்டிச் சளியும் இல்லை, இரண்டு பக்கமும் அடைக்கிறது, நாடித் துடிப்பும் முன்னைவிடக் குறைந்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அது சளியாக இருக்க வாய்ப்பு குறைவு, ரெசர்பினின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவருக்கு அது தெரியாது. மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்குகிறார்.

நம் ஊர்ச் சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபீனைல்எஃப்ரின் இருக்கிறது. அது நரம்பின் இருப்பைத் தேடிப் போவதில்லை, குழாய்த் தசையின் ஏற்பியை நேராகத் தொடும். நாட்கணக்கில் நார்அட்ரினலின் படாமல் இருந்த தசையோ வழக்கத்தைவிடக் கூர்மையாகப் பதில் சொல்லும். பர்ன், ராண்ட் சோதனையில் பார்த்த அதே கூடுதல் விளைவு. அழுத்தம் குறையத்தான் பொடி குடித்தார், அது எதிர்பாராமல் ஏறலாம்.

மூன்றாம் வாரம் எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது. பொடியை நிறுத்துகிறார். பத்து நாளுக்குப் பிறகு குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை. பொடியை விட்டுவிட்டோமே என்று மருத்துவரிடம் எதுவும் சொல்லவில்லை. முதுகில் மயக்க ஊசி போட்டதும் அழுத்தம் இறங்குகிறது. அந்த ஊசியில் இது வழக்கமான ஒன்றுதான். மயக்கவியல் மருத்துவர் மெஃபென்டெர்மின் கொடுக்கிறார். இந்திய மருத்துவமனைகளில் பழகிய மருந்து. ஆனால் அது எபிட்ரினைப் போலப் பெரும்பாலும் நரம்பு முனையில் உள்ள நார்அட்ரினலினை வெளியேற்றித்தான் அழுத்தத்தை ஏற்றும். இவருடைய முனைகளில் இருப்பு குறைவு. முதல் ஊசிக்குப் பலனில்லை, இரண்டாவதுக்கும் இல்லை. இருப்பை நம்பாத நார்அட்ரினலின் அல்லது ஃபீனைல்எஃப்ரினை, தசையின் கூர்மையை மனத்தில் வைத்துச் சிறு அளவில் தொடங்கிக் கொடுத்தால் அழுத்தம் திரும்பும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் முதல் ஊசியே அதுவாக இருந்திருக்கும்.

சிதைக்கும் நொதியையும் அடைத்தால்

நுண்பையிலிருந்து கசிந்ததை மோனோஅமைன் ஆக்சிடேஸ் சிதைப்பதால்தான் ரெசர்பினின் வேலை அமைதியாக நடக்கிறது என்று பார்த்தோம். அந்த நொதியை முடக்கும் மருந்து ஒன்றை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் ரெசர்பினைத் தொடங்கினால் என்ன ஆகும்? கசிந்த நார்அட்ரினலின் சிதையாமல் பெருகி வெளியே வழியும். அழுத்தம் இறங்குவதற்குப் பதிலாக எகிறும். விலங்குச் சோதனைகளிலும் இப்படி முன்கூட்டியே நொதியை முடக்கிவிட்டு ரெசர்பின் கொடுத்தபோது அவை சோர்ந்து கிடப்பதற்குப் பதில் பரபரத்தன. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் செலிஜிலின், ரசாஜிலின் ஆகியவை இந்த நொதியை அடைப்பவை. லினெசோலிட் என்ற ஆண்டிபயாடிக்கும் ஓரளவு அடைக்கும். லெவோடோபா எடுப்பவருக்கோ வேறு விதத்தில் கேடு: அவர் மருந்தாக உள்ளே அனுப்பும் டோபமினை நரம்பு சேமித்து வைக்க முடியாமல் ரெசர்பின் செய்துவிடும்.

இப்போது மருத்துவத்தில் இதன் இடம்

ரெசர்பின் வழக்கொழிந்ததற்குப் பல காரணங்கள். மனச்சோர்வு பற்றிய அச்சம் ஒன்று. 1974-இல் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புபடுத்திச் சில ஆய்வுகள் வந்தன. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை, ஆனாலும் பெயர் கெட்டுவிட்டது. துடிப்பையும் மனநிலையையும் இவ்வளவு தொடாத புதிய மாத்திரைகளும் வந்து சேர்ந்தன. இருந்தும் 2002-இல் முடிவுகள் வெளியான ஆல்ஹாட் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் மருந்து போதாதபோது சேர்க்கத்தக்க மருந்துகளில் ஒன்றாகச் சிறிய அளவு ரெசர்பின் இடம்பெற்றிருந்தது. விமாட்-2-ஐ அடைக்கும் உத்தியும் சாகவில்லை. ஹன்டிங்டன் நோயின் கட்டுப்பாடற்ற அசைவுகளுக்குத் தரும் டெட்ராபெனசின் அதே புரதத்தைத்தான் பிடிக்கிறது. ஆனால் ரெசர்பினைப் போல் விடாப்பிடியாக அல்ல, சில மணி நேரத்தில் விட்டுவிடும்.

பொடி எடுப்பவரும் எடுத்து விட்டவரும் கவனிக்க வேண்டியவை

1. ஏற்கெனவே எடுக்கும் பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு இதற்கு மாறக்கூடாது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் மூன்றாம் வாரத்தில் அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கலாம்.

2. மனச்சோர்வு, அல்சர், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தொடவே கூடாது. விடியற்காலையில் விழிப்பு வந்து மறுபடி தூக்கம் வராமல் போவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது போன்றவை தெரிந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்கவேண்டும். நிறுத்திய பிறகும் மனநிலை சரியாகச் சில வாரம் ஆகலாம் என்பதால் வீட்டார் அந்தக் காலம் முழுக்கக் கூடவே இருந்து கவனிக்க வேண்டும்.

3. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போனாலோ, நிற்கும்போது மயக்கம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

4. ரத்தத்தில் ரெசர்பின் அளவைக் காட்டும் சோதனை எதுவும் வழக்கமான பரிசோதனைக் கூடங்களில் இல்லை. ஈசிஜியில் துடிப்பு குறைந்திருப்பது தெரியுமே தவிர, அது பொடியாலா என்று அது சொல்லாது. ஆகவே மருத்துவருக்கு இதைத் தெரிவிக்கக்கூடியவர் எடுத்தவர் மட்டும்தான். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்கும்போது, கடந்த ஒரு மாதத்தில் நிறுத்திவிட்ட பொடியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் விட்டது, நாளுக்கு எத்தனை ஸ்பூன் என்ற மூன்று விவரமும் வேண்டும். மிச்சமிருக்கும் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோகலாம்.